களிமண்ணும் தண்ணீரும்: செம்மண் அசையாமல் கிடக்கக் கரிசல் ஏன் வீங்குகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் 2 அடி வானம் தோண்டிக் கட்டிய மதில் 20 ஆண்டாக அசையாமல் நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கம் என் மகன் அதே அளவில் கட்டிய மதில் இரண்டு மழைக்காலத்திலேயே விரிந்துவிட்டது. கொத்தனார் ஏமாற்றிவிட்டாரா?

கொத்தனாரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மண்ணைச் சந்தேகிப்பது நல்லது. இரண்டு இடத்திலும் இருப்பது களிமண்தான். ஆனால் அந்தக் களிமண்ணில் உள்ள கனிமம் ஒன்றல்ல. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் செம்மண்ணில் மிகுந்திருப்பது கயோலினைட். கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசலில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் என்னும் கனிமக் குடும்பம். அதில் நாம் அடிக்கடி சந்திப்பது மான்ட்மோரிலோனைட். முன்னதன் துகள்கள் தண்ணீரைத் தங்கள் மேற்பரப்பில் மட்டும் ஏற்கின்றன. பின்னதோ தண்ணீரைத் தன் உடலுக்குள்ளேயே விட்டுக்கொண்டு பருக்கிறது. வெயில் காலத்தில் அதை இழந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது.

சுவரின் எடை இந்த வீக்கத்தை அடக்கிவிடாதா என்று கேட்கலாம். ஆறடி உயரச் செங்கல் சுவர் தன் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை டன் அழுத்தத்தைத் தருகிறது. அடித்தளம் சுவரைப் போல் இரு மடங்கு அகலமாக இருந்தால், அது தரைக்குச் சேரும்போது இரண்டு டன்னுக்குள் குறைந்துவிடும். கரிசல் வீங்கும்போது எழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5 டன்னிலிருந்து 20 டன்னுக்கும் மேல் போகக்கூடியது. ஆகவே சுவர் மண்ணை அடக்குவதில்லை, மண்தான் சுவரைத் தூக்குகிறது. அதையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தூக்குவதில்லை. ஓடையருகே ஒரு அளவு, வேப்பமரத்தின் அருகே வேறொரு அளவு. விரிசலை உண்டாக்குவது வீக்கத்தைவிட இந்த ஏற்றத்தாழ்வே.

இரண்டுமே களிமண்தானே, உள்ளே என்ன வேறுபாடு?

இரண்டும் ஒரே வகையான இரண்டு ஏடுகளால் ஆனவை; அந்த ஏடுகளை அடுக்கியிருக்கும் முறைதான் வேறு.

முதல் ஏடு சிலிக்கா ஏடு. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கின்றன. அவற்றுள் மூன்று பக்கத்து நான்முகிகளோடு பகிர்ந்துகொள்ளப்படுவதால் வலைபோன்ற ஒரு தட்டையான ஏடு உருவாகிறது. நான்காவது ஆக்சிஜன் மட்டும் ஏட்டிலிருந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஏடு அலுமினா ஏடு. இதில் ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஆக்சிஜன்களோ ஹைட்ராக்சில்களோ எண்முகி வடிவில் சூழ்ந்திருக்கின்றன. சிலிக்கா ஏட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன்களை அலுமினா ஏடும் பகிர்ந்துகொள்வதால் இரண்டு ஏடுகளும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன.

கயோலினைட்டில் ஒரு சிலிக்கா ஏடும் ஓர் அலுமினா ஏடும் சேர்ந்து ஓர் அடுக்கு ஆகின்றன. அதன் வாய்பாடு Al2Si2O5(OH)4. ஸ்மெக்டைட்டிலோ ஓர் அலுமினா ஏட்டின் மேலும் கீழும் இரண்டு சிலிக்கா ஏடுகள் உள்ளன. நம் வீடுகளில் அவிக்கும் இலையப்பத்தை நினைத்துக்கொண்டால் போதும்: மாவு நடுவே இருக்க, இலை இரு பக்கமும் மூடியிருக்கும். கயோலினைட் என்பது ஒரு பக்கம் மட்டும் இலை ஒட்டி, மறுபக்கம் மாவு திறந்து கிடக்கும் அப்பம். இந்தத் திறந்த பக்கத்தில்தான் கதையின் பாதி இருக்கிறது.

திறந்த பக்கம் இருந்தால் அங்கேதானே தண்ணீர் எளிதாக நுழைய வேண்டும்? கயோலினைட் ஏன் வீங்கவில்லை?

பலரும் இப்படித்தான் எதிர்பார்ப்பார்கள், நடப்பது நேர்மாறானது. கயோலினைட் அடுக்கின் ஒரு முகம் முழுவதும் ஆக்சிஜன். மறுமுகம் முழுவதும் ஹைட்ராக்சில். அடுக்கின்மேல் அடுக்கு வைக்கும்போது கீழடுக்கின் ஹைட்ராக்சில் முகமும் மேலடுக்கின் ஆக்சிஜன் முகமும் எதிரெதிரே வருகின்றன. ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜன், எதிரே உள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. தனித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்பும் வலுவற்றது. ஆனால் அவை முகம் முழுவதும் ஓர் இடமும் விடாமல் வரிசையாக அமைந்திருப்பதால், அடுக்குகள் 0.72 நானோமீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக அடுக்கப்பட்டுவிடுகின்றன. தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழைய வேண்டுமானால் இந்தப் பிணைப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு ஈடாக அதற்கு உள்ளே கிடைக்கப்போவது எதுவும் இல்லை.

"எதுவும் இல்லை" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவே கதையின் மறுபாதி. கயோலினைட்டின் ஏடுகளில் சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கனும், அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியமும் ஏறத்தாழப் பிசகாமல் இருக்கின்றன. அதனால் அடுக்குக்கு மின்னேற்றம் அநேகமாக இல்லை. மின்னேற்றம் இல்லாததால் அதை ஈடுகட்ட அடுக்குகளுக்கு நடுவே சோடியமோ கால்சியமோ உட்கார வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ள விரும்புவது இந்த அயனிகளைத்தான். அவை இல்லாத வீட்டின் கதவைத் தண்ணீர் தட்டுவதில்லை.

ஆகவே தண்ணீரில் போட்ட கயோலினைட் நனைகிறது, குழைகிறது, சேறாகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் துகள்களுக்கு வெளியேதான் நிற்கிறது. காய்ந்ததும் சிறிதளவு சுருங்கி முன்னிருந்த நிலைக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் ஸ்மெக்டைட்டின் உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு சிலிக்கா ஏடுகளால் மூடப்பட்டிருப்பதால் ஸ்மெக்டைட் அடுக்கின் இரு முகங்களும் ஆக்சிஜன். ஓர் அடுக்கின் ஆக்சிஜன் முகம் அடுத்த அடுக்கின் ஆக்சிஜன் முகத்தைப் பார்த்து நிற்பதால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியே இல்லை. அது மட்டும் அல்ல. நடு ஏட்டில் மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் இரண்டு மட்டுமே கொண்ட மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. கனிமம் உருவாகும்போதே நடந்த மாற்றம் இது. பின்னால் கழுவியோ காய்ச்சியோ சரிசெய்ய முடியாது. இப்படி ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் ஒரு நேர்மின்னேற்றம் குறைந்துபோவதால் அடுக்கு முழுவதும் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அதை ஈடுசெய்ய சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகிய அயனிகள் அடுக்குகளுக்கு இடையே வந்து தங்குகின்றன.

மழைநீர் வந்ததும் இந்த அயனிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ள முனைகின்றன. சூழ வேண்டுமானால் இடம் வேண்டும். அதனால் அடுக்குகள் விலகுகின்றன. அந்த விலகல் படிப்படியாக நடக்கிறது. நன்கு உலர்ந்த நிலையில் அடுக்குக்கு அடுக்கு 0.96 நானோமீட்டர், ஒரு வரிசைத் தண்ணீர் நுழைந்தால் 1.25, இரண்டு வரிசை நுழைந்தால் 1.55; மூன்றாவது வரிசையோடு ஏறத்தாழ 1.9. ஊடுகதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் இந்தப் படிகளை நேரடியாகவே அளந்து பார்க்கலாம். கயோலினைட்டுக்கோ ஈரமானாலும் காய்ந்தாலும் 0.72 என்ற ஒரே அளவுதான்.

மின்னேற்றம் கூடக்கூட வீக்கமும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

ஸ்மெக்டைட்டைப் போலவே மூன்று ஏடுகள் கொண்ட அடுக்குகள் வேறு கனிமங்களிலும் உண்டு. மாக்கல் எனப்படும் டால்க்கில் அடுக்கின் மின்னேற்றம் சுழியம். அங்கே இடையே அயனிகளே இல்லை, ஆகவே அது வீங்குவதில்லை. நம் மலைப்பாறைகளில் பளபளக்கும் காக்காப்பொன், அதாவது மைக்கா, மறுமுனையில் இருக்கிறது. வாய்பாட்டு அலகுக்கு ஏறத்தாழ 1 என்ற அளவில் அதன் மின்னேற்றம் மிகுதி. ஆனால் அதுவும் வீங்குவதில்லை. மின்னேற்றம் அதிகமாகும்போது அடுக்குகளும் இடையிலுள்ள அயனிகளும் ஒன்றையொன்று இழுக்கும் விசையும் அதிகமாகிவிடுகிறது. அதோடு மைக்காவின் இடையில் இருப்பது பொட்டாசியம். சிலிக்கா ஏட்டின் அறுகோணக் குழிக்குள் அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரை நாடும் வேட்கையும் அதற்குக் குறைவு. எனவே மைக்கா, அதன் நெருங்கிய உறவான இல்லைட் ஆகியவற்றின் அடுக்குகள் பூட்டியது பூட்டியபடியே கிடக்கின்றன.

ஸ்மெக்டைட்டின் மின்னேற்றம் 0.2 முதல் 0.6 வரை, அதாவது இடைப்பட்ட அளவு. அயனிகளை உள்ளே வரவழைக்க அது போதும். தண்ணீரைத் தடுக்கும் அளவுக்கு அடுக்குகளை இறுக்கிப் பிடிக்க அது போதாது.

தண்ணீர் எவ்வளவு நுழைய முடியும்? கணக்காகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். நம் ஊரில் நிலத்தைச் சென்ட்டில் அளப்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் எல்லா அடுக்குகளையும் பிரித்து, இரு முகங்களையும் சேர்த்து விரித்தால் ஏறத்தாழ 750 சதுர மீட்டர் வரும். ஒரு சென்ட் 40.5 சதுர மீட்டர். ஆகவே விரல் நுனியில் எடுத்த ஒரு கிராம் பொடிக்குள் பதினெட்டரை சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது. ஒரு கிராம் கயோலினைட்டுக்குக் கிடைப்பதோ 10 முதல் 20 சதுர மீட்டர். அரை சென்ட்டுக்கு மேல் தேறாது.

இரண்டு முகங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி என்பதால் 750-இல் பாதியான 375 சதுர மீட்டர்தான் இடைவெளியின் பரப்பு. ஒரு வரிசைத் தண்ணீரின் தடிப்பு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 0.11 மில்லி. மூன்று வரிசைகள் நுழைந்தால் 0.33 மில்லி, அதாவது கனிமத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அது முழுவதும் கனிமத்தின் உள்ளேயே.

அடுக்கு 0.96-லிருந்து 1.55-க்கு விலகும்போது கனிமம் 60 விழுக்காட்டுக்கு மேல் தடிக்கிறது. அதை அப்படியே நிலத்துக்குப் பொருத்தி, ஒரு மீட்டர் மண் அறுபது சென்டிமீட்டர் எழும்பும் என்று பயந்துவிடக்கூடாது. கரிசலில் மணலும் வண்டலும் பிற கனிமங்களும் கலந்திருக்கின்றன. கோடையிலும் அடுக்குகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் எஞ்சியிருக்கிறது. வீக்கத்தின் ஒரு பங்கு வெடிப்புகளை அடைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. கடைசியில் தரை எழும்புவது சில சென்டிமீட்டர்கள்தான். சுவர் விரிவதற்கு அதுவே தாராளம்.

பென்டோனைட் பொடி தண்ணீரில் கூழாகிவிடுகிறது, ஆனால் கரிசல் அப்படி ஆவதில்லையே? இரண்டிலும் ஸ்மெக்டைட்தானே?

இங்கே அடுக்குகளை விட்டுவிட்டு இடையிலுள்ள அயனியைப் பார்க்க வேண்டும். கால்சியத்துக்கு இரண்டு மின்னேற்றம். அது இரு பக்கத்து அடுக்குகளையும் ஒருசேர இழுத்துப் பிடிப்பதால் மூன்று வரிசைத் தண்ணீருக்குப் பிறகு, ஏறத்தாழ 1.9 நானோமீட்டரில், வீக்கம் நின்றுவிடுகிறது. சோடியத்துக்கு ஒரே மின்னேற்றம். அந்தப் பிடி அதனிடம் இல்லை. அடுக்குகளுக்கிடையே சோடியம் செறிந்தும், வெளியே நன்னீரில் உப்பு குறைந்தும் இருப்பதால், செறிவு மிகுந்த இடத்தை நோக்கித் தண்ணீர் சவ்வூடு பரவல் முறையில் தொடர்ந்து பாய்கிறது. அடுக்குகள் 4 நானோமீட்டருக்கும் அப்பால் விலகி, முடிவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி ஏடுகளாகவே மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. கூழ் என்று நாம் காண்பது அதைத்தான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுவோரும் பாலத்துக்குத் தூண் இறக்குவோரும் பயன்படுத்தும் பென்டோனைட் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளிலிருந்து வரும் சோடியம் வகை. கரிசலில் பொதுவாகக் கால்சியமே மிகுந்திருப்பதால் அது வீங்குவதோடு நின்றுவிடுகிறது.

பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்கவில்லை. விளைச் செம்மண்ணோடு பென்டோனைட் கலந்தால் அடைபடுமா?

நன்னீர்க் குட்டையானால் அடைபடும். நம் செம்மண்ணில் கயோலினைட் துகள்களை இரும்பு ஆக்சைடு பூசி, சிறு மணிகளாகக் கட்டிவைத்திருக்கிறது. கையில் எடுத்தால் களிபோல் இல்லாமல் பொலபொலவென்று உதிர்வது அதனால்தான். மணிகளுக்கு நடுவே தண்ணீர் எளிதாக இறங்கிவிடும். அந்த இடுக்குகளில் சோடியம் பென்டோனைட் வீங்கி அடைத்துக்கொள்கிறது. மண்ணின் தன்மையைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ வரை மேல் மண்ணோடு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்து, நன்றாக இடித்து இறுக்கிய பிறகே தண்ணீர் விட வேண்டும். வெறும் பொடியாகத் தண்ணீரில் தூவுவது பெரும்பாலும் வீண்.

இரண்டு எச்சரிக்கைகள். கோடையில் குட்டையை முற்றிலும் வறளவிட்டால் அந்த அடைப்பு வெடித்துவிடும். மறுபடி தண்ணீர் வந்தாலும் எல்லா வெடிப்பும் முன்போல் மூடிக்கொள்ளாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் உவர்நீர் ஏறும் குட்டைகளில் இந்த முயற்சியே கைகொடுப்பது அரிது. வெளித் தண்ணீரிலும் உப்பு செறிந்திருந்தால் சவ்வூடு பரவலுக்குக் காரணமான செறிவு வேறுபாடு மறைந்துவிடுகிறது. சோடியம் பென்டோனைட் கால்சியம் வகையைப் போலச் சிறிதளவு வீங்கி நின்றுவிடும். கடினமான கிணற்று நீரிலுள்ள கால்சியமும் சில ஆண்டுகளில் சோடியத்தை வெளியேற்றி அதே நிலைக்குக் கொண்டுவரும்.

என் மண்ணில் எது இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஊடுகதிர் கருவி இல்லாமலேயே நல்ல குறிப்பைத் தரும் சோதனை ஒன்று உண்டு. இந்திய தர நிர்ணய அமைப்பின் IS 2720 பகுதி 40-இல் அது வகுக்கப்பட்டிருக்கிறது. உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு பங்காக எடுக்க வேண்டும். 100 மில்லி அளவு குறித்த இரண்டு கண்ணாடி உருளைகளில் ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேறக் கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கலக்கி, 24 மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, இரண்டிலும் மண் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் முனைவற்ற திரவம். அயனிகளைச் சூழ அதற்கு ஆர்வம் இல்லை. ஆகவே அதில் எந்தக் களிமண்ணும் வீங்குவதில்லை. நீரில் கண்ட அளவை மண்ணெண்ணெயில் கண்ட அளவால் வகுத்து வரும் விகிதத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீதரனும் அவரோடு ஆய்வு செய்த பிரகாஷும் கனிமத்தை இனம்காணப் பயன்படுத்தினார்கள். விகிதம் 1 அல்லது அதற்குக் குறைவானால் கயோலினைட் மிகுந்த, வீங்காத மண். 1 முதல் 1.5 வரை கலப்பு. 1.5-க்கு மேல் போனால் ஸ்மெக்டைட் ஓங்கியிருக்கிறது. 2-க்கு மேல் வீக்கம் மிகுதி, 4-ஐத் தாண்டினால் மிக மிகுதி.

காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் கடலோரக் கிணற்று நீரை ஊற்றிச் செய்தால், மேலே சொன்ன உப்பின் காரணத்தாலேயே வீங்கும் மண்ணும் வீங்காததுபோல் காட்டும். மண்ணெண்ணெய் இருப்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

செய்து பார்த்தேன். விளைச் செம்மண் மண்ணெண்ணெயில் 14 மில்லி, தண்ணீரில் 12 மில்லி. மகன் அனுப்பிய மண் மண்ணெண்ணெயில் 12, தண்ணீரில் 27. தண்ணீரில் மண் குறைவது எப்படி? தவறு செய்துவிட்டேனா?

நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். செம்மண்ணின் விகிதம் 12-ஐ 14-ஆல் வகுக்க 0.86. மகன் அனுப்பிய மண்ணுக்கு 27-ஐ 12-ஆல் வகுக்க 2.25. முதலாவது தெளிவான கயோலினைட் மண். இரண்டாவது மிகுதியாக வீங்கும் ஸ்மெக்டைட் மண். மதில் விரிந்ததற்கான விடை அந்த இரண்டாவது உருளையிலேயே நிற்கிறது.

விகிதம் 1-க்குக் கீழே போவது முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெயில் கயோலினைட் துகள்களுக்கு இடையே விலக்கு விசை எதுவும் எழுவதில்லை. எனவே அவை தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, சுள்ளிக் குவியல்போல் உள்ளே வெற்றிடம் விட்டுக் குவிகின்றன. தண்ணீரிலோ துகளின் மேற்பரப்பை நீர் சூழ்ந்துகொள்வதால் அவை ஓரளவு ஒன்றையொன்று விலக்கி, வழுக்கி, நெருக்கமாகப் படிகின்றன. துகள் வீங்கவே இல்லை, அடுக்கி வைத்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. தர நிர்ணய முறைப்படி விழுக்காட்டில் கணக்கிட்டால் உங்கள் செம்மண்ணுக்குக் கழித்தல் 14 என்று வரும். சில ஆய்வகங்கள் அதைச் சுழியம் என்று எழுதிவிடுவது உண்டு. என் கருத்தில் அது ஒரு நல்ல தடயத்தை அழிப்பதாகும்.

எல்லையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒன்றுதான் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கனிமம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று எப்படி ஆனது?

மழையும் வடிகாலும் செய்த வேலை. சிலிக்காவும் அலுமினியமும் கயோலினைட்டில் ஒன்றுக்கு ஒன்று. ஸ்மெக்டைட்டில் இரண்டுக்கு ஒன்று, கூடவே மக்னீசியமும் வேண்டும். நம் மேற்குப் பகுதியில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கின்றன. நிலமும் மேடும் சரிவுமாக இருப்பதால் பாறையிலுள்ள பெல்ஸ்பார் சிதையும்போது கரையும் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியத்தோடு சிலிக்காவின் ஒரு பங்கும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சியதைக் கொண்டு கயோலினைட்தான் உருவாக முடியும். கழுவல் இன்னும் முற்றிய இடங்களில் இரும்பும் அலுமினியமும் செறிந்து, நாம் வெட்டுகல் என்று அறுத்தெடுக்கும் பாறையாக இறுகுகின்றன.

ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் தென்மேற்கு மழை மலைக்கு மறைவாகிவிடுகிறது. அதற்காகக் கணவாயைக் கடந்த உடனே கரிசல் தொடங்கிவிடுவதில்லை. வழியில் செம்மண்ணும் மணலும் நிறையவே உண்டு. மேலும் வடக்கே, மழை குறைந்து, நிலம் தட்டையாகி, தண்ணீர் வடியாமல் தேங்கி ஆவியாகும் இடங்களில் சிலிக்காவும் மக்னீசியமும் கால்சியமும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. அங்கேதான் ஸ்மெக்டைட் உருவாகி நிலைக்கிறது.

ரப்பருக்கும் வாழைக்கும் உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அடுக்கின் எதிர்மின்னேற்றம்தான் பொட்டாசியம், அமோனியம், கால்சியம் ஆகியவற்றைப் பிடித்துவைக்கிறது. 100 கிராம் ஸ்மெக்டைட் 80 முதல் 120 மில்லிசமானம் வரை பிடிக்கும். கயோலினைட் 3 முதல் 15 வரைதான். மொத்தமாகப் போட்ட பொட்டாஷ் நம் செம்மண்ணில் ஒரு பெருமழைக்கே இறங்கிவிடும். இலைதழை மக்கு சேர்ப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

மகனின் மதிலை இனி என்ன செய்வது?

விரிசலைச் சிமெண்டால் பூசுவது மட்டும் போதாது. அடுத்த கோடையில் வேறொரு இடத்தில் திறந்துகொள்ளும்.

புதிதாகக் கட்டுவதானால் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறும் ஆழத்தைத் தாண்டிச் சுமையை இறக்க வேண்டும். கரிசலில் அந்த ஆழம் பெரும்பாலும் 3.5 மீட்டரளவு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே அடி விரிந்த தூண் அடித்தளத்தை உருவாக்கியது. தூணின் அடியில் குமிழ்போல் அகன்றிருக்கும் பகுதி, மேல்மண் வீங்கித் தூக்கும்போது நங்கூரமாக நின்று பிடிக்கும். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவது முக்கியம். அதை மண்ணோடு ஒட்டக் கட்டினால் தூண் போட்டதன் பயனே போய்விடும்.

மதிலைப் போன்ற இலகுவான கட்டுமானத்துக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யின் கட்டி என்னும் பேராசிரியர் கால்வாய்களுக்காக வகுத்த முறை: கரிசலைத் தோண்டி நீக்கி, ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்புக்கு வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை இறுக்கிப் பரப்புவது. உங்கள் விளைச் செம்மண் அந்த வேலைக்கு ஏற்ற வகையைச் சேர்ந்ததுதான், லாரி வாடகைதான் கட்டுப்படியாகாது. அங்கேயே அக்கம்பக்கத்தில் கிடைக்கும் செம்மண்ணை அதே இரண்டு உருளைச் சோதனையில் பார்த்து, விகிதம் 1-ஐத் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பயன்படுத்தலாம். மணலைப் பரப்பக்கூடாது; அது தண்ணீரைத் தேக்கிக் கரிசலுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

மற்றொன்று, நீற்றிய சுண்ணாம்பு. மண்ணின் எடையில் 3 முதல் 6 விழுக்காடு கலந்தால் அதன் கால்சியம் அடுக்கிடையிலுள்ள சோடியத்தை அகற்றித் துகள்களை மணிமணியாகக் கட்டுகிறது. சில மணி நேரத்திலேயே மண் பிசுபிசுப்பு குறைந்து பொலபொலப்பாவதைக் கையால் உணரலாம். பிறகு வாரக்கணக்கில் சுண்ணாம்பின் காரத்தன்மையில் கனிமத்தின் சிலிக்காவும் அலுமினாவும் சிறிது சிறிதாகக் கரைந்து சிமெண்டு போன்ற பிணைப்பைத் தருகின்றன. ஜிப்சமோ வேறு சல்பேட்டோ கலந்த கரிசலில் மட்டும் சுண்ணாம்பைத் தொடவேண்டாம்: அங்கே எட்ரிங்கைட் என்னும் படிகம் வளர்ந்து, முன்னைவிட மோசமான வீக்கத்தை உண்டாக்கும். மண்ணை வெட்டும்போது வெண்மையான ஊசிப் படிகங்கள் தட்டுப்பட்டால் சல்பேட் சோதனை செய்யாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

இருக்கும் மதிலைக் காப்பாற்றுவது மட்டுமே நோக்கம் என்றால், இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டு மழைநீரை விலக்கிவிட்டு, சுவரை ஒட்டிய மரத்தையும் குளியலறைக் கழிவுநீரையும் அப்புறப்படுத்தி, அடித்தளத்தின் ஈரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பின் விரிசலின் குறுக்கே ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு உடையாமல் இருந்தால், அப்போது பூசலாம்.